ஊதா சீலுக்கு அடியில் ஒரு ஒன்பது: ஒரு பேட்டரி வாரண்டி கார்டைப் படித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் இன்வெர்ட்டர் பேட்டரிகளை மொத்தமாக வாங்கிச் சிறு கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் அலுவலகத்தில் வாரண்டி கிளெய்ம்களை நான் பார்த்து வந்தேன். இங்கே சொல்லப் போவது 2023 ஜூலை, ஆகஸ்டில் நடந்தது. இதில் வரும் யாருடைய பெயரும் இல்லை. சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி எண்ணும் மாற்றப்பட்டவை, ஆனால் தவறு நடந்த இடங்கள் அப்படியே இருக்கின்றன.

எங்களிடம் வரும் கார்டில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்றை வாடிக்கையாளர் வைத்துக்கொள்வார். மற்றதைக் கடைக்காரர் எங்களிடம் தர வேண்டும். கடைக்காரர் பத்துப் பதினைந்து கார்டுகளைச் சேர்த்து எடுத்து வருவார், நாங்கள் இரண்டு பாதியிலும் எங்கள் வட்ட சீலையும் அன்றைய தேதி சீலையும் குத்தி, எங்கள் பாதியைக் கிழித்துக்கொள்வோம். 2021-ல் குடோன் மாற்றியபோது அந்தப் பாதிகள் இருந்த அட்டைப்பெட்டிகளில் தண்ணீர் இறங்கி, பெரும்பகுதி ஒன்றோடொன்று ஒட்டிப் போனது. அதனால் கிளெய்ம் வரும்போது வாடிக்கையாளரின் பாதியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என்று முடிவானது.

ஏற்ற வேண்டிய தாளில் நான்கே கட்டங்கள்: பொருள், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, டீலர். நான்கும் நிரம்பினால்தான் பதிவைச் சேமிக்க முடியும். சீலுக்கு என்று கட்டம் எதுவும் இல்லை. அந்தத் தாளை வடிவமைத்தது நான்தான். அன்று எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

கார்டு வந்த விதம்

ஜூலை 28 அன்று ஒரு கிராமத்துக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் இருக்கும் 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரி பேக்கப் கொடுப்பதில்லை, கரண்ட் போனால் இருபது நிமிடம்கூட நிற்பதில்லை என்பது புகார். அந்த மாடலுக்கு முதல் 36 மாதம் முழு மாற்று. அதாவது பழுது உறுதியானால் பணம் வாங்காமல் வேறு பேட்டரி. அடுத்த 24 மாதம் புரோ-ரேட்டா, அதாவது எத்தனை மாதம் ஓடியதோ அதற்கேற்ப வாடிக்கையாளர் ஒரு பங்கு கட்ட வேண்டும். ஆக, வாங்கிய தேதி நாலைந்து மாதம் முன்னே பின்னே போனாலும் ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கும்.

கார்டில் இருந்ததை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். மேலே மாடல் பெயர் அச்சிலேயே இருக்கிறது. அதன் கீழே, இடப்பக்கம், வெள்ளை ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்தில் சீரியல் நம்பர். ஸ்டிக்கரை ஒட்டிக் கீழே வாங்கிய தேதி, நீல பால்பாயிண்ட் பேனாவில். அதற்கும் கீழே டீலர் கட்டத்தில் கடையின் செவ்வக சீல், ஊதா மையில். மேல்பாதி விழுந்திருக்கிறது, கீழ்ப்பாதி மங்கல். எங்கள் வட்ட சீல், அதுவும் ஊதா, ஸ்டிக்கரின் இடது முனையில் ஏறி, அப்படியே கீழே தேதியின் மேலும் படர்ந்திருந்தது. மேல் வலது மூலையில் கறுப்பு மையில் ஒரு தேதி சீல். அதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் பதிவு

எங்கள் அலுவலகத்தில் என்ட்ரி போடும் பெண் கவனமானவர், கையும் வேகம். அவர் ஏற்றியது இது:

```
product       : Tubular 150Ah 12V
serial_no     : K820014387
purchase_date : 09-04-2020
dealer        : (எங்கள் நிறுவனப் பெயர்)
```

பொருளைத் தவிர மூன்று கட்டங்களுமே தவறு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அதைப் பார்க்காமல் அவர் கவனக்குறைவு என்று விட்டிருந்தால் இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

சீரியலின் இரண்டாவது எழுத்தின் இடப்பக்கம் வட்ட சீலின் வளைவு சரியாகப் போகிறது. `B`-யின் நேர்க்கோட்டோடு அந்த வளைவு சேர்ந்துவிட, பார்ப்பவருக்கு `8` தெரிகிறது. நானும் முதலில் `8` என்றுதான் படித்தேன். தேதியில் மாதம் `4` மாதிரி இருந்தது: மேலே திறந்த ஒரு கிண்ணம், வலப்பக்கம் கீழே இறங்கும் ஒரு கோடு. டீலர் கட்டத்தில் கடை சீல் மங்கல், எங்கள் வட்ட சீல் பளிச்சென்று இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதனால் தெளிவாகத் தெரிந்த பெயரை அவர் எழுதிவிட்டார்.

சீரியலைப் பேட்டரி கம்பெனியின் தளத்தில் போட்டபோது அப்படி ஒரு பேட்டரியே இல்லை என்று வந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் பழைய சீரியல்கள் சில சமயம் தளத்தில் ஏறாமல் இருந்ததை முன்பே பார்த்திருந்ததால், கார்டில் உள்ள தேதியே போதும் என்று நகர்ந்துவிட்டோம். 2020 ஏப்ரல் 9 என்றால் முழு மாற்றுக் காலம் 2023 ஏப்ரல் 8-ல் முடிந்தது. ஆகஸ்ட் 2 அன்று, புரோ-ரேட்டாவில்தான் தர முடியும், இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று கடைக்காரருக்குத் தகவல் போனது. அனுப்பியது நான்.

மறுப்பும் ஒரு போன் அழைப்பும்

ஆகஸ்ட் 4 அன்று அந்த ஆசிரியரே பேசினார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கைத் திருப்பிப் போடச் சொல்வது போலப் பேசினார்.

"தம்பி, 2020 ஏப்ரல்ல நான் எப்படிப்பா வாங்கியிருப்பேன்? ஊரடங்கு. பால் வாங்கப் போனாலே போலீஸ் கேட்டாங்க. அந்தக் கடை ஷட்டரே தூக்கல."

"கார்டுல ஒன்பது, நாலு, இருபதுன்னு இருக்குங்க ஐயா."

"இருந்தா இருக்கட்டும். ஆயுத பூஜைக்கு முன்னாடி வாங்கினேன். அந்த வருசம் பூஜைக்கு அதுக்குப் பொட்டு வச்சது ஞாபகம் இருக்கு."

அவர் சொன்னது சரி. நாடு முழுவதும் முதல் ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கி ஏப்ரல் 14 வரை இருந்தது, பிறகு நீட்டிக்கவும் செய்தார்கள். ஏப்ரல் 9 அதன் நட்டநடுவில் விழுகிறது. அந்த நாட்களை எல்லோரும் வாழ்ந்துதான் கடந்தோம். எங்கள் குடோனும் பூட்டித்தான் கிடந்தது. இருந்தும் தாளில் அந்தத் தேதியைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தேதியாகத் தட்டிவிட்ட பிறகு அது ஒரு நாளாகக் கண்ணில் படுவதில்லை, எண்ணாக நின்றுவிடுகிறது.

படத்தை மறுபடி படித்தது

அன்று மாலையே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் வேலையாக, கடைக்காரரிடம் அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கி வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் கேமராவில் எடுத்தது அப்படியே வரும். சுருக்கும்போது எழுத்து ஓரளவு தப்பிக்கும், நிறம்தான் அதிகம் அடிபடும். பெரும்பாலான ஜேபெக் படங்களில் வெளிச்ச விவரத்தை முழு அளவிலும் நிற விவரத்தை நீள அகலத்தில் பாதி அளவிலும்தான் சேமிப்பார்கள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நாங்கள் செய்யப் போனதே நிறத்தை வைத்து மையைப் பிரிக்கும் வேலை. நிறம் கரைந்த படத்தில் சீலின் ஓரமும் எழுத்தின் ஓரமும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஒரு வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகளால் ஆனது. ஒவ்வொன்றையும் தனியாகக் கறுப்பு-வெள்ளையில் பார்க்கலாம். எந்த அடுக்கில் எந்த மை மங்குகிறது என்பதுதான் கேள்வி. கறுப்பு மை மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். ஊதா சீல் மை நீல ஒளியை நிறையத் திருப்பி அனுப்புவதால் நீல அடுக்கில் வெளுத்துவிடும், பச்சை அடுக்கில் அடர்த்தியாகத் தெரியும். நீல பால்பாயிண்ட் மை சிவப்பு அடுக்கில் நன்றாகக் கறுக்கும். அதே சிவப்பு அடுக்கில் ஊதா மை, கொஞ்சம் சிவப்பு கலந்திருப்பதால், சாம்பல் நிறத்துக்கு மங்கும்.

ஆக, ஒரே சீல் மூடியிருந்தாலும் சீரியலுக்கு ஒரு அடுக்கு, தேதிக்கு வேறு அடுக்கு என்று பார்க்க வேண்டியிருந்தது. கணினியில் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இருந்தால் இரண்டு வரி வேலை:

```
magick card.jpg -channel B -separate card_B.png
magick card.jpg -channel R -separate card_R.png
```

நீல அடுக்கில் வட்ட சீல் கிட்டத்தட்ட மறைந்து, ஸ்டிக்கரின் கறுப்பு எழுத்து தனியாக நின்றது. இரண்டாவது எழுத்துக்கு இடப்பக்கம் நேர்க்கோடு இருந்தது. `8`-க்கு நேர்க்கோடு கிடையாது. அது `B`.

பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் சீரியலில் முதல் எழுத்து தொழிற்சாலை, இரண்டாவது மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, மீதி ஆறும் வரிசை எண். மாதத்துக்கு ஜனவரி `A`, பிப்ரவரி `B` என்று டிசம்பர் `L` வரை எழுத்துதான் போடுவார்கள். இரண்டாவது இடத்தில் எண் வர வழியே இல்லை. இதை நான் பல வருடமாக அறிவேன். என்ட்ரி போடும் பெண்ணிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் படத்தைப் பிரிக்கவே தேவைப்பட்டிருக்காது, `8` என்று தட்டும்போதே கை நின்றிருக்கும்.

சிவப்பு அடுக்கில் தேதி. இங்கே சீல் முழுக்க மறையவில்லை, மங்கியது, அவ்வளவுதான். ஆனால் மாத எண்ணின் மேலே, வட்ட சீலின் வெளிக்கோடு ஓடிய அதே இடத்தில், பேனாக் கோடு ஒன்று இருட்டாக வளைந்து கிண்ணத்தை மூடியது. அந்தக் கோடுதான் வெறும் படத்தில் சீலின் கோட்டோடு கலந்து காணாமல் போயிருந்தது. மாதம் நாலு இல்லை, ஒன்பது. நாளுக்கு எழுதிய ஒன்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே கை, அதே வளைவு, கீழே இறங்கும் கோடு அதே சாய்வு. `9/9/20`.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அடுக்கைப் பிரித்துப் பார்த்தது எங்களுக்குச் சான்று ஆகாது. எங்கே சந்தேகப்பட வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அது காட்டும், அதோடு சரி. ஒன்பது என்று படிக்க ஆசைப்பட்டு உட்கார்ந்தவர்களுக்கு ஒன்பது தெரிவது பெரிய விஷயமில்லை. அதனால் என்ட்ரி போடும் பெண்ணிடம் எதுவும் சொல்லாமல், சிவப்பு அடுக்கில் மாத எண் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி, இது என்ன எண் என்று கேட்டேன். ஒன்பது என்றார். பிறகுதான் அது எந்தக் கார்டு என்று சொன்னேன்.

சீல்களைத் தனியே எழுதியது

இதுவரை மூன்று சீல்களையும் நாங்கள் கட்டங்களை நிரப்ப உதவும் பொருளாக, இல்லாவிட்டால் படிப்பதைக் கெடுக்கும் அழுக்காக மட்டும்தான் பார்த்திருந்தோம். அன்று ஒரு வெள்ளைத் தாளில் சீல்களை மட்டும் வரிசையாக எழுதினோம்: வடிவம், நிறம், கார்டில் எங்கே இருக்கிறது, எதன் மேல் ஏறியிருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது. படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி.

எழுதியதும் முதலில் கண்ணில் பட்டது மேல் மூலையில் இருந்த தேதி சீல்: `14 SEP 2020`. அது எங்கள் சீல். கடைக்காரர் கார்டுகளை எங்களிடம் கொண்டு வந்த நாள். அது வாங்கிய தேதி ஆகாது, ஆனால் வாங்கிய தேதிக்கு ஒரு வேலி போடுகிறது: வாங்கியது அதற்குப் பிறகு இருக்க முடியாது. அதோடு, அந்தக் கடைக்காரர் வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருபவர். ஏப்ரலில் விற்ற கார்டை ஐந்து மாதம் கையில் வைத்துக்கொண்டு செப்டம்பரில் கொடுத்தார் என்பது பொருந்தவில்லை. செப்டம்பர் 9-ல் விற்று 14-ல் கொடுத்தார் என்பது சாதாரணமாகப் பொருந்துகிறது.

இந்த முரண்பாடு முதல் நாளிலிருந்தே கார்டில் இருந்தது. அதை எழுத இடம் இல்லாததால் யாரும் எழுதவில்லை, எழுதாததால் யாரும் ஒப்பிடவில்லை. இந்த நிகழ்வில் நான் முக்கியமாக எடுத்துக்கொண்டது இதைத்தான். சீல் என்பது வேறொரு கை, வேறொரு நாளில், வேறொரு காரணத்துக்காகக் கார்டில் வைத்தது. அதற்குச் சொந்தமாக ஓர் இடம் கொடுக்காவிட்டால் அது தேதிக் கட்டத்திலோ டீலர் கட்டத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் தொலைந்து போகும். எங்கள் வட்ட சீல் டீலராக மாறியது, எங்கள் தேதி சீல் தொலைந்தது. ஒரே கார்டில் இரண்டும் நடந்திருந்தன.

கடை சீலை முழுதாகப் படிக்க முடியவில்லை. பச்சை அடுக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. கடைசி வரியில் ஜிஎஸ்டி எண் இருந்தது. அது 15 எழுத்து கொண்டது: முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண். அந்தப் பத்தில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. இந்த வரிசை தெரிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். எண் வர வேண்டிய இடத்தில் இருப்பது `I` ஆக முடியாது, `1`தான். எழுத்து வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வராது. அப்படியும் எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

```
33A??P?4?1?K1Z?
```

மீதியை ஊகித்து நிரப்பவில்லை. அதே கடையிலிருந்து வந்த வேறு கார்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். ரப்பர் சீலில் ஓர் இடத்தில் பிய்ந்திருந்தால் அந்தச் சீல் விழும் இடமெல்லாம் அதே பிய்சல் இருக்கும். இந்தச் சீலில் செவ்வகத்தின் இடது மேல் மூலை உடைந்திருந்தது. மற்ற கார்டுகளிலும் அதே உடைசல், தெரிந்த எழுத்துகளும் அதே இடங்களில். படத்தை அனுப்பிய கடையும் விற்ற கடையும் ஒன்றுதான் என்று அதை வைத்து எடுத்துக்கொண்டோம். இதைச் சொல்லக் காரணம், படம் அனுப்பும் கடை எப்போதும் விற்ற கடையாக இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று வேறு கடையில் கொடுத்து அனுப்பச் சொல்பவர்கள் நிறைய.

உறுதி செய்தது

சரியான சீரியலைத் தளத்தில் போட்டதும் பேட்டரி வந்துவிட்டது, பிப்ரவரி 2020 தயாரிப்பு. எங்கள் சரக்கு வெளியேற்றப் பதிவில் தேடினேன். அந்தப் பேட்டரி எங்கள் குடோனை விட்டு அந்தக் கடைக்குப் போனதே 2020 ஆகஸ்ட் 22-ல்தான். ஏப்ரலில் அது எங்கள் குடோனில் இருந்தது. சீரியலைத் தவறாகப் படித்ததால் இந்தப் பதிவுக்குள் போகவே முடியாமல் இருந்தோம். ஒரு எழுத்துப் பிழை, தேதிப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்து அடைத்திருந்தது.

ஆனாலும் ஆகஸ்ட் 22-க்கும் செப்டம்பர் 14-க்கும் நடுவில் எந்த நாள் என்பதற்கு பில் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டபோது முதலில் தயங்கினார்.

"மூணு வருசத்துக்கு முந்தின பில் அண்ணே, எங்க போய்த் தேடுறது?"

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லவும், ஆடிட்டரிடம் கொடுத்த பில் கட்டுக்குள் இருக்கும் என்று அவருக்கே நினைவு வந்தது. ஆகஸ்ட் 9 அன்று பில் நகல் வந்தது. தேதி 09-09-2020, சீரியல் கையால் எழுதியது `KB20014387`. கூடவே, ஆசிரியர் பேட்டரியின் தலைப்பக்கத்தைத் துணியால் துடைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். பெட்டியில் பதித்திருந்த எண்ணும் அதேதான்.

உண்மையில் இந்தக் கடைசிப் படத்தை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்கலாம். கார்டு இருக்கும்போது பேட்டரியைப் படம் எடுக்கச் சொல்வது வாடிக்கையாளரை அலைக்கழிப்பது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. எண்ணெய் பிசுக்கும் தூசியும் படிந்த இடத்தில் வயதானவரைக் குனியச் சொல்ல வேண்டாம் என்றும் நினைத்தேன். அவர் இரண்டே நிமிடத்தில் எடுத்து அனுப்பினார்.

திருத்திய பதிவு:

```
product       : Tubular 150Ah 12V
serial_no     : KB20014387
date_written  : 9/9/20
purchase_date : 2020-09-09
dealer        : (கடைப் பெயர்)
stamps        :
  1 செவ்வகம், ஊதா, டீலர் கட்டம் | கடை | 33A??P?4?1?K1Z?
  2 வட்டம், ஊதா, சீரியல் + தேதி மேல் | டிஸ்ட்ரிபியூட்டர்
  3 தேதி சீல், கறுப்பு, மேல் வலது | 14 SEP 2020
```

பில்லில் ஜிஎஸ்டி எண் முழுதாக இருந்தது. இருந்தும் சீல் வரிசையில் கேள்விக்குறிகளை நிரப்பவில்லை. அந்த வரிசை கார்டில் என்ன தெரிகிறது என்பதற்கு. பில்லில் உள்ளது பில்லில் இருக்கட்டும். நாளை யாராவது இந்தப் படத்தைத் திறந்தால் அவர் காண்பதும் நாங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9 என்றால் முழு மாற்றுக் காலம் 2023 செப்டம்பர் 8 வரை. புகார் வந்தது ஜூலை 28. பேட்டரியைக் கொண்டுவந்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி, லோடு கொடுத்துப் பார்த்தோம். ஒரு செல் மற்ற ஐந்தைவிட வேகமாக இறங்கியது, பழுது உறுதி. ஆகஸ்ட் 19 அன்று ஆசிரியர் வீட்டுக்குப் பணம் வாங்காமல் மாற்று பேட்டரி போனது. மூன்று வாரம் அவர் இன்வெர்ட்டர் இல்லாமல் இருந்தார். அதில் பெரும்பகுதி எங்களால் ஆனது. நான் நேரில் போய் அதைச் சொன்னேன்.

அதன்பின் தேடியதில் கிடைத்தவை

ஏற்கனவே ஏற்றிய கார்டுப் படங்களை, சீல் எதன் மேலாவது ஏறியிருப்பவற்றை மட்டும், மறுபடி எடுத்துப் பார்த்தோம். டீலர் கட்டத்தில் எங்கள் பெயரே பல இடங்களில் இருந்தது. அதில் பெரிய கெடுதல் இல்லை, திருத்தினோம். கவலை தந்தது வேறு ஒன்று. சில கார்டுகளில் சாய்வாக `REPLACED` என்று ஒரு சீல் இருந்தது, பக்கத்தில் பேனாவால் இரண்டாவது சீரியல் நம்பர். அதாவது அந்தக் கார்டின் பேட்டரி ஏற்கனவே ஒருமுறை மாற்றப்பட்டது, இப்போது வீட்டில் இருப்பது இரண்டாவது. எங்கள் தாளில் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் மட்டும் ஏறியிருந்தது, இல்லாத பேட்டரியின் எண். ஒரு கார்டில் நேர்மாறாக, பேனாவில் எழுதிய எண்ணை ஏற்றி, மாற்றிய தேதியை வாங்கிய தேதியாகப் போட்டிருந்தோம். அப்படிப் போட்டால் வாரண்டி புதிதாகத் தொடங்குவது போலாகிவிடும். எங்கள் கம்பெனி விதிப்படி மாற்று பேட்டரிக்கு முதல் பேட்டரியின் மீதிக் காலம் மட்டும்தான். அந்தக் கார்டுகளால் அதுவரை யாருக்கும் இழப்பு ஆகவில்லை.

மாற்றியவை, மாறாதவை

தாளில் சீலுக்குத் தனிக் கட்டம் வந்தது. எழுதும் வரிசையையும் மாற்றினோம்: முதலில் சீல்களை எழுதிவிட்டுப் பிறகுதான் மற்ற கட்டங்கள். சீலை முதலில் பிரித்து எழுதியவருக்கு அது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் கண் தானாகவே சந்தேகப்படும். காலிக் கட்டத்தோடு சேமிக்க முடியாது என்ற விதியை எடுத்தோம். படிக்க முடியாததற்குக் கேள்விக்குறி போடலாம், கேள்விக்குறி உள்ள பதிவை வைத்து யாருக்கும் மறுப்பு அனுப்பக் கூடாது. தேதியைக் கார்டில் எழுதியபடியே ஒரு கட்டத்தில் எழுத்தாகவும், பொருள்கொண்டபடி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இன்னொரு கட்டத்திலும் போடுகிறோம். `9/4/20` என்று தட்டினால் சில கணினிகள் அதைச் செப்டம்பர் 4 என்று தாமே மாற்றிவிடும், அதற்காகவும்தான். சீரியலின் இரண்டாவது இடத்தில் எழுத்து இல்லாவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி செய்திருக்கிறோம்.

கடைக்காரர்களிடம் சீலைக் கட்டத்துக்குள் குத்தச் சொன்னோம். சிலர் கேட்டார்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது கார்டை உள்ளங்கையில் வைத்துச் சீல் குத்துபவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியவில்லை. நாங்கள் எங்கள் வட்ட சீலைக் கார்டின் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம், அது எங்கள் கையில் இருந்தது. கிளெய்ம் வந்தால் கார்டுப் படத்தோடு பேட்டரியின் தலைப்பக்கப் படத்தையும், இரண்டையும் டாக்குமெண்ட்டாகக் கேட்கிறோம். முழுக்க மங்கிப்போன கடை சீலுக்கு இன்னும் எங்களிடம் வழி இல்லை. பில் கிடைக்காத பட்சத்தில் சரக்கு வெளியேற்றத் தேதியைத்தான் பார்க்கிறோம்.

மாற்று பேட்டரி கொடுத்தபோது ஆசிரியரின் கார்டு மறுபடி எங்களிடம் வந்தது. `REPLACED` சீலை நானே குத்தினேன், அடியில் புதிய சீரியலைக் கறுப்புப் பேனாவில் எழுதினேன். என்ட்ரி போடும் பெண் சீல் கட்டத்தில் நான்காவது வரியாக அதைச் சேர்த்தார், புதிய எண்ணையும் மாற்றிய தேதியையும் அந்த வரியிலேயே எழுதினார். வாங்கிய தேதிக் கட்டத்தில் `2020-09-09` அப்படியே இருக்கிறது. முழு மாற்றுக்கு அன்று மூன்று வாரம் மிச்சம், அதன்பின் 2025 செப்டம்பர் 8 வரை புரோ-ரேட்டா. அந்த இரண்டு தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கார்டோடு பின் குத்தி அவருக்கு அனுப்பினோம்.